பேசி வைத்ததைத் தேடி எடுப்பது எப்படி?

நம் சங்கத்து அன்பர்களில் பலர் இப்போது எழுதுவதை விட்டுவிட்டு செல்போனில் பேசிப் பதிவு செய்து வைக்கிறார்கள். நானும் அப்படித்தான். ரயில்வேயில் இருந்தவரை சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு வலது கட்டைவிரலில் மூட்டுவலி வந்து, பேனாவைப் பத்து நிமிடம் பிடித்தால் அன்று இரவு தூக்கம் போயிற்று. ஆகவே 2022 மார்ச் முதல் தினமும் படுக்கப் போகுமுன் செல்போனை வாயருகே பிடித்து, வீட்டுச் சமாசாரங்களை ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சொல்லி வைப்பது வழக்கமாயிற்று. மனைவியின் பி.பி. எவ்வளவு, எந்த மாத்திரை, காஸ் சிலிண்டர் எப்போது வந்தது, பிளம்பருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று எல்லாமே அதில் உண்டு.

2023 டிசம்பரில் இவை 386 ஆகியிருந்தன. ஒன்றையும் நான் திரும்பக் கேட்டதில்லை.

அந்த மாதம் மனைவியைப் புதிதாக ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூன்று மாதமாகவே அவள் இரண்டு கால்களிலும் கணுக்கால் பக்கம் வீக்கம். டாக்டர் மராத்திக்காரர், பொறுமைசாலி. மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்லோடிபின் ஐந்து மில்லிகிராம் இருந்ததைப் பத்தாக ஏற்றியிருக்கிறார்களே, வீக்கம் அதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?" என்று கேட்டார். அந்த மாத்திரையே சிலருக்குக் கால் வீக்கம் கொடுக்கும், அளவு கூடினால் வீக்கத்துக்கான வாய்ப்பும் கூடும். முன்னாலேயே வந்திருந்தால் இதயம், சிறுநீரகம் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்றார். என் மனைவி, "ஆடி மாசத்திலேயே இருந்துதுங்க" என்றாள். நான், "இல்லையே, பிள்ளையார் சதுர்த்திக்கு அப்புறம்தானே" என்றேன். இருவரும் டாக்டர் முன்னாலேயே வாதாடினோம். மாத்திரை எப்போது மாறியது என்பதிலும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே சில பரிசோதனைகளை எழுதிக் கொடுத்து, "எட்டு நாள் கழித்து வாருங்கள், தேதியும் கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

தேதி என் செல்போனில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எந்தப் பதிவில் என்பதுதான் தெரியாது. 386 பதிவுகளை உட்கார்ந்து கேட்டால் ஏழே முக்கால் மணி நேரம் ஆகும். கேட்டாலும் அரை மணியில் கண் சொக்கிவிடும்; தேடியது கடந்து போயிருக்கும். எழுத்தாக்கினால் தேடலாம் என்று புணேயில் இருக்கும் மகள் சொன்னாள். அந்த எட்டு நாளில் செய்ததையும், அதில் தடுக்கி விழுந்த இடங்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும்.

முதல் வேலை, அத்தனையையும் கம்ப்யூட்டரில் இறக்கி, அந்த ஃபோல்டரை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, அதன் நகல் ஒன்றில் மட்டும் கை வைப்பது. எண்ணிக்கை இரண்டிலும் 386 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய ஒரு மெகாபைட்தான். எல்லாம் சேர்ந்து ஒரு சிறு பென்டிரைவின் மூலையில் அடங்கும். நகல் எடுக்கக் கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்லாரும் செய்கிற தவறு, உடனே எழுத்தாக்கும் வேலையில் இறங்குவது. முதலில் பெயர் வைக்க வேண்டும். ஏன் என்றால், எனக்கு வேண்டியது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை உள்ள பதிவுகள் மட்டும். எது ஜூலை, எது செப்டம்பர் என்று தெரிந்தால்தானே அவற்றை முதலில் ஓட்ட முடியும்?

ஃபோல்டரில் பெயர்கள் மூன்று ஜாதியாக இருந்தன. பழைய போன் வைத்த பெயர் `Voice 041.m4a` என்ற மாதிரி, வெறும் வரிசை எண். புதிய போன் வைத்தது `Voice 230905_211305.m4a`. இதில் 2023 செப்டம்பர் 5, இரவு 9 மணி 13 நிமிடம் 5 வினாடி என்று எல்லாம் இருக்கிறது. மூன்றாவது, வாட்ஸ்அப் வழியாக வந்த `AUD-20230910-WA0004.m4a` போன்றவை. கம்ப்யூட்டர் காட்டும் 'மாற்றப்பட்ட தேதி'யை நம்ப முடியாது. நகல் எடுக்கும்போது அது மாறிவிடலாம். என்னிடம் பாதிக்கு மேல் இறக்கிய நாளின் தேதியையே காட்டின.

ரயில்வேயில் பாலங்களுக்கு எண் வைக்கும் முறை எனக்கு இங்கே கை கொடுத்தது. 612/2 என்றால் 612-வது கிலோமீட்டரில் இரண்டாவது பாலம். பெயரைப் பார்த்தாலே இடம் தெரியும். பட்டியல் போட்டால் தானாகவே வழித்தடத்தின் வரிசையில் நிற்கும். 'பெரிய ஓடைப் பாலம்', 'ஆலமரத்துப் பாலம்' என்று வைத்திருந்தால் புதிதாக மாற்றலாகி வந்தவன் திண்டாடுவான். அதே போல் ஒலிப்பதிவுக்கும் வருடம், மாதம், நாள், பிறகு இருபத்து நாலு மணிக் கணக்கில் நேரம் என்று முடிவு செய்தேன்:

```
2023-09-05_2113.m4a
```

வருடம் முன்னால் வருவதால் அகரவரிசையே கால வரிசை ஆகிவிடும். நாம் பேச்சு வழக்கில் சொல்வதுபோல் நாளை முதலில் வைத்தால் எல்லா மாதத்து ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி உட்கார்ந்துவிடும். மாதமும் நாளும் எப்போதும் இரண்டு இலக்கம். 9 என்று எழுதாமல் 09 என்றே எழுத வேண்டும், இல்லாவிட்டால் 10-ஆம் மாதம் 9-க்கு முன்னால் போய் நிற்கும். சாய்கோடும் முக்காற்புள்ளியும் விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. ஒரே நிமிடத்தில் இரண்டு பதிவு வந்தால் வினாடியையும் சேர்த்தேன். அப்படி மூன்றுதான் இருந்தன.

பெயரில் 'வீக்கம்', 'மாத்திரை' என்று தமிழில் ஒரு சொல்லும் சேர்க்க ஆசைதான். சேர்க்கவில்லை. விஷயத்தைச் சொல்வது உள்ளே இருக்கும் எழுத்தின் வேலை. அதோடு, தமிழில் 'கொ' என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு விதமாகவும், ஒற்றைக் கொம்பு தனியே கால் தனியே என்று இன்னொரு விதமாகவும் சேமிக்க முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும்போது ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். கோப்புப் பெயரில் அந்த வம்பு வேண்டாம்.

பழைய போனின் வெறும் வரிசை எண்களுக்குத் தேதி எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலிக்கோப்பின் உள்ளேயே ஒரு நேரக் குறிப்பு பதிந்திருக்கும். `ffmpeg` என்ற இலவச மென்பொருளோடு வரும் `ffprobe` அதைப் படித்துக் காட்டும். கட்டளை இது:

```
ffprobe -v quiet -show_entries format_tags=creation_time "Voice 041.m4a"
```

பதில் இப்படி வந்தது:

```
[FORMAT]
TAG:creation_time=2023-08-02T19:20:11.000000Z
[/FORMAT]
```

ஆகஸ்ட் 2, இரவு 7.20 என்று எழுதிக்கொண்டேன். தவறு. கடைசியில் இருக்கும் அந்த `Z` என்ற எழுத்து, இது கிரீன்விச் நேரம் என்பதைச் சொல்கிறது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டினால் ஆகஸ்ட் 3, நள்ளிரவு கடந்து 12.50. அன்று தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து பேசியிருக்கிறேன். மாலையில் பேசியவற்றுக்கு நேரம் மட்டும் மாறும், தேதி மாறாது. நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை பேசியவற்றுக்குத்தான் தேதியே ஒரு நாள் பின்னால் போகும். என்னிடம் அப்படிப்பட்டவை பதினொன்று இருந்தன. சில போன்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிட்டு `Z` போடுவதும் உண்டு. எது உங்களுடையது என்று அறிய ஒரு வழிதான்: கடிகாரத்தைப் பார்த்தபடி இப்போதே ஒரு பதிவு செய்து, அதை `ffprobe`-இல் போட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி வித்தியாசம் வந்தால் கூட்டுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். என் பழைய போன் அதற்குள் போய்விட்டதால், பேச்சிலேயே "மணி ஒன்பதே கால்" என்று சொல்லியிருந்த இரண்டு பதிவுகளை வைத்துச் சரிபார்த்தேன்.

386 பெயர்களைக் கையால் மாற்றினால் விரல் தாங்காது. கணக்குத் தாள் மென்பொருளில் முதல் கட்டத்தில் பழைய பெயர், இரண்டாவதில் புதிய பெயர் என்று போட்டு, மூன்றாவதில் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்தேன்:

```
="ren """&A2&""" """&B2&""""
```

இது ஒவ்வொரு வரியிலும் `ren "Voice 041.m4a" "2023-08-03_0050.m4a"` என்று ஒரு கட்டளை தயார் செய்து கொடுக்கும். அந்தக் கட்டத்தை மொத்தமாக நகலெடுத்து `.bat` கோப்பாகச் சேமித்து, பதிவுகள் இருக்கும் ஃபோல்டரில் வைத்து ஓட்டினால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். ஏற்கனவே இருக்கும் பெயரைத் திரும்ப வைக்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழியாது. அந்தக் கணக்குத் தாளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். எது முன்பு எதுவாக இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அது எனக்கு மூன்றாம் நாளே தேவைப்பட்டது.

பெயர் வைத்து முடித்ததும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 74 பதிவுகள் தேறின. இனி எழுத்தாக்கலாம்.

பேச்சை எழுத்தாக்க நான் பயன்படுத்தியது `whisper`. 2022 செப்டம்பரில் இலவசமாக வெளிவந்தது. மகள்தான் தொலைவிலிருந்தே என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு முறை இறக்கிக்கொண்ட பிறகு இன்டர்நெட் இல்லாமலே நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும். மனைவியின் உடம்பு சமாசாரத்தை ஊர் பேர் தெரியாத இணையதளத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சிறியதிலிருந்து பெரியது வரை பல அளவுகளில் கிடைக்கிறது. சிறியது வேகமாக ஓடும்; ஆனால் தமிழில் அது எழுதுவது பல இடங்களில் தமிழே இல்லை. `medium` என்ற நடுத்தர அளவு ஒன்றரை ஜி.பி. பிடிக்கும்; அதுதான் எனக்குப் படிக்கும்படியாக எழுதியது. பதிவுகள் இருக்கும் ஃபோல்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டினேன்:

```
for %f in (2023-07*.m4a 2023-08*.m4a 2023-09*.m4a) do whisper "%f" --model medium --language ta --output_format txt --output_dir notes
```

பெயர் ஒழுங்காக வைத்ததன் பலனை இந்த வரியிலேயே பார்க்கலாம். மூன்று மாதத்தை மட்டும் பொறுக்கி எடுக்க மூன்று முன்னெழுத்துகள் போதுமானதாக இருந்தன. எழுத்துக்கோப்பும் அதே பெயரில், `.txt` என்ற முடிவோடு `notes` ஃபோல்டரில் விழும். `.bat` கோப்பில் எழுதுவதானால் `%f` என்பதை `%%f` என்று இரட்டிக்க வேண்டும். `--language ta` என்பதை விட்டுவிட்டால், மென்பொருள் தானாகவே மொழியை ஊகிக்கும். எனக்கு ஒரு பதிவை முழுக்க வேறு மொழி எழுத்தில் கொடுத்தது, பின்னணியில் பக்கத்து வீட்டு மராத்தி நாடகம் ஓடியதாலோ என்னவோ!

என் கம்ப்யூட்டர் பழையது. இரண்டு நிமிடப் பேச்சுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. 74 பதிவுகள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பேச்சு. இரவு பத்தரைக்கு ஓட விட்டுப் படுத்தேன். காலையில் காப்பி குடிக்கும்போது முடிந்திருந்தது.

திறந்து பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே நான் பேசியது. மீதிக் கால்வாசி வேடிக்கை. 'அம்லோடிபின் அஞ்சு' என்று சொன்னதை அது 'அம்மா டிபன் அஞ்சு' என்று எழுதியிருந்தது. மனைவியிடம் காட்டினேன். "அஞ்சு டிபனா, நான் ரெண்டு இட்டிலிக்கு மேல சாப்பிடறதில்லையே" என்றாள். சிரித்துவிட்டு மாற்றலாம் என்றால், எல்லாக் கோப்பிலும் 'அம்மா டிபன்' என்பதை ஒரே அடியாக 'அம்லோடிபின்' என்று மாற்றுவது ஆபத்து. என் மாமியார் வந்திருந்த பத்து நாளில் நிஜமாகவே அம்மா டிபன் சாப்பிட்டது இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றினேன்.

வேடிக்கையாக இருக்கும் பிழையால் கெடுதல் இல்லை, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது எண்கள். 'நூத்தி நாப்பத்தெட்டு' என்று சொன்னது ஓரிடத்தில் 140 என்று வந்திருந்தது. பார்க்க முழுக்கச் சரியாகத் தெரியும். அதனால் எண்ணும் மாத்திரைப் பெயரும் வரும் இடங்களை மட்டும் ஒலியைப் போட்டுக் காதால் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மற்றதில் 'போனேன்' 'போணேன்' ஆனால் குடி முழுகாது, விட்டுவிட்டேன்.

இன்னொன்று, பேச்சே இல்லாத இடத்தில் இது சும்மா இருக்காது. ஒரு நாள் நிறுத்த மறந்து போன் நாற்பது நிமிடம் சட்டைப் பையிலேயே ஓடியிருக்கிறது. அந்த எழுத்துக்கோப்பில் நான் சொல்லாத ஒரே வாக்கியம் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப இருந்தது. எழுத்துக்கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் இப்படிப்பட்டவை மேலே வந்து நிற்கும்.

தேடுவதற்கு `Notepad++` என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். அதில் Ctrl, Shift, F மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு ஃபோல்டரில் உள்ள அத்தனை கோப்பிலும் தேடி, எந்தக் கோப்பில் எந்த வரி என்று பட்டியல் தரும். 'வீக்கம்' என்று கொடுத்தேன். இரண்டே இரண்டு, இரண்டும் செப்டம்பர் கடைசி வாரம். என் பக்கம்தான் சரி என்று மனைவியைக் கூப்பிடப் போனேன். நல்ல வேளை, கூப்பிடவில்லை.

நாம் பேசும்போது 'வீக்கம்' என்றா சொல்கிறோம்? 'கால் வீங்கியிருக்கு', 'வீங்கின மாதிரி இருக்கு' என்றுதான் சொல்வோம். தமிழில் சொல் வளைந்துகொண்டே போகும்; முழுச் சொல்லைத் தேடினால் பாதி தப்பிவிடும். 'வீங்' என்று சொல்லின் தலையை மட்டும் கொடுத்துத் தேடினேன். இன்னும் ஏழு வந்தன. முதலாவது `2023-09-20_2204`. பிள்ளையார் சதுர்த்தி அந்த வருடம் செப்டம்பர் 19. என் ஞாபகம் அந்தப் பேச்சிலிருந்துதான் வந்திருக்கிறது.

மாத்திரை எப்போது மாறியது? 'டோஸ்' என்று தேடியதில் ஒன்று கிடைத்தது: "இன்னைக்குத் திங்கட்கிழமை, டாக்டர் பார்த்தாச்சு, அஞ்சு இருந்ததைப் பத்தா டோஸ் ஏத்தியிருக்கார்". நான் அந்தக் கோப்புக்கு வைத்த பெயர் `2023-09-10`. வாட்ஸ்அப்பில் வந்தது என்பதால் அதில் நேரம் மட்டும் இல்லை. ஆக, மாத்திரை மாறியது செப்டம்பர் 10, வீக்கம் செப்டம்பர் 20. கணக்கு முடிந்தது என்று பேனாவை எடுத்தேன்.

மனசுக்குள் ஏதோ உறுத்திற்று. காலண்டரைப் பார்த்தேன். 2023 செப்டம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை! ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திங்கட்கிழமை என்று யாராவது பேசுவார்களா? கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். பழைய பெயர் `AUD-20230910-WA0004.m4a`. அப்போதுதான் விளங்கிற்று. ஆகஸ்ட் கடைசியில் பழைய போன் பக்கெட் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்று. ஆகஸ்ட் 18 வரை உள்ளதைக் கம்ப்யூட்டரில் இறக்கியிருந்தேன். அதற்குப் பிந்திய பத்து நாள் பதிவுகள் போயின. இந்த ஒன்றை மட்டும் பேசிய அன்றே மகளுக்கு அனுப்பியிருந்தேன். புதிய போன் வாங்கியதும் அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். வாட்ஸ்அப் பெயரில் இருக்கும் தேதி அது நம் போனுக்கு வந்து சேர்ந்த தேதியே ஒழிய, பேசிய தேதி அல்ல. உள்ளே நேரக் குறிப்பும் இல்லை. மகளிடம் கேட்டேன், அவள் போனில் என் பதிவு வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. மருந்துக்கடை பில்லைத் தேடினேன், அதிலும் 21. கோப்பின் பெயரைத் திருத்தி, கணக்குத் தாளிலும் ஏன் திருத்தினேன் என்று ஒரு வரி எழுதி வைத்தேன்.

இப்போது மாத்திரை மாறிய நாள் உறுதி. வீக்கம்? 'வீங்' என்ற சொல் செப்டம்பர் 20-க்கு முன் இல்லை. ஆனால் மனைவி ஆடி என்கிறாளே, அவள் சும்மா சொல்பவள் அல்ல. எனவே தேடுவதை விட்டுவிட்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து எழுத்துக்கோப்புகளை வரிசையாகப் படித்தேன். ஒன்றரை மணி நேரப் பேச்சைப் படிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. `2023-08-12_2131`: "அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கினோம், அளவு சரியா இருக்குன்னு சொன்னா." `2023-09-02_2140`: "அந்தச் செருப்பு இறுக்குதாம், சாயந்திரம் வாரைத் தளர்த்திக் குடுத்தேன்." பழையவை மறைந்து போன பிறகு புதிய போனில் பேசிய முதல் சில பதிவுகளில் ஒன்று அது. அதில் 'வீக்கம்' என்ற சொல்லே இல்லை. எந்த மென்பொருளும் அதைத் தேடித் தராது.

ஆகஸ்ட் 12 ஆடி மாதம்தான், ஆடி 27. அவள் செருப்பு வாங்கியதை நினைவு வைத்துக்கொண்டு, செருப்பு இறுக்கியதையும் அந்த மாதத்தோடே சேர்த்துவிட்டாள். நான் வாய்விட்டு 'வீங்கி' என்று சொன்ன நாளைப் பிடித்துக்கொண்டேன். இருவர் சொன்னதும் தவறு.

எட்டாம் நாள் டாக்டரிடம் ஒரு காகிதம் கொடுத்தேன். ஆகஸ்ட் 12: செருப்பு சரி. ஆகஸ்ட் 21: மாத்திரை ஐந்திலிருந்து பத்து. ஆகஸ்ட் 19 முதல் 28 வரை பதிவு இல்லை, மாத்திரைப் பதிவு தவிர. செப்டம்பர் 2: செருப்பு இறுக்கம். செப்டம்பர் 20: வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. பதிவு இல்லாத நாட்களையும் எழுதியது ரயில்வே பழக்கம்; பார்க்காத தண்டவாளத்தைப் பார்த்ததாக எழுதக் கூடாது. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். பரிசோதனை முடிவுகளிலும் இதயம், சிறுநீரகத்தில் பழுது இல்லை. அம்லோடிபினை மறுபடி ஐந்துக்கு இறக்கி, பி.பி.க்கு வேறு வகை மாத்திரை ஒன்றைக் கூடச் சேர்த்தார். அவர் சொன்ன பிறகுதான் மாற்றினோம். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். பொங்கலுக்குள் வீக்கம் வடிந்தது.

மீதி 312 பதிவுகளை அடுத்த நான்கைந்து இரவுகளில் ஓட்டி முடித்தேன். 'செருப்பு' கற்பித்த பாடத்தால் ஒவ்வொரு எழுத்துக்கோப்பின் தலையிலும் இப்போது சில வரிகள் சேர்க்கிறேன்:

```
நாள்: 2023-09-02 21:40
பேசியவர்: நான்
சொற்கள்: கால், வீக்கம், செருப்பு
ஒலி: 2023-09-02_2140.m4a
எண் சரிபார்த்தது: ஆம்
```

'சொற்கள்' வரியில் பேச்சில் வந்த சொல் அல்ல, பின்னால் நான் தேடக்கூடிய சொல்லை, எப்போதும் ஒரே எழுத்தில் போடுகிறேன். 'வீக்கம்' என்றால் எங்கும் 'வீக்கம்'. 'பிபி' என்றால் எங்கும் புள்ளி இல்லாமல் 'பிபி'. இதற்காக ஒரு தாளில் முப்பது சொற்கள் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பழைய 386-க்கும் இதைச் செய்யவில்லை, உடம்பு சம்பந்தப்பட்ட நூற்றுச் சொச்சத்துக்கு மட்டும்தான். காஸ் சிலிண்டர் வந்த நாளை யார் தேடப் போகிறார்கள்?

ஒலிக்கோப்புகளை அழிக்கவில்லை. எழுத்து என்பது அதற்குப் போட்ட அட்டவணை மாதிரிதான். சந்தேகம் வந்தால் ஒலியைத்தான் கேட்க வேண்டும். இப்போது பேசும்போதே முதலில் தேதி, கிழமை, மணி மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறேன். எண்களையும் ஒவ்வொரு இலக்கமாக, 'ஒண்ணு நாலு எட்டு' என்று சொல்கிறேன். அப்படிச் சொன்னால் பிழை வெகுவாகக் குறைகிறது. சமையலறையில் நின்று பேசுவதில்லை. 2022 தீபாவளிக்கு முந்தின நாள் பதிவு ஒன்றில் குக்கர் விசில் மட்டும் கேட்கிறது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கும் புரியவில்லை, மென்பொருளுக்கும் புரியவில்லை. அந்தக் கோப்பின் தலையில் 'குக்கர்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.